கடினம் எங்கே இருக்க வேண்டும்? அரிப்பிலும் அயலிலும் தரம் 3 கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



அரிப்பு, சிலாவத்துறை, கொக்குப்படையான், கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று முசலிப் பிரதேசத்தில் நீங்கள் எங்கே கற்பித்தாலும், தவணை முடிவில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கணித வினாத்தாள் தயாரிக்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அந்தத் தாளில் இலகுவான வினாக்கள் எத்தனை, நடுத்தரமானவை எத்தனை, சவாலானவை எத்தனை என்ற கேள்விக்கு 40, 40, 20 என்று ஒரு விகிதத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விகிதம் மட்டும் ஒரு தாளைச் சமநிலையாக்காது. ஒரு வினாவை எது கடினமாக்குகிறது என்பது முதலில் தெளிய வேண்டும். கடினம், நாம் சோதிக்க வந்த கணிதச் சிந்தனையில் இருக்க வேண்டும். பெரிய இலக்கங்களிலோ, நீண்ட வசனத்திலோ, பிள்ளை கண்டிராத சொல்லிலோ அது ஒளிந்திருந்தால், தாளின் மேல் நாம் எழுதும் விகிதத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. இந்த மடலில் நான் வாதாட விரும்புவது இதற்காகத்தான்.

தவணைத் தாளின் வேலை என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். 1999இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தரம் 3ஐயும் 4ஐயும் ஒரே முதன்மை நிலையாகச் சேர்த்தது. வகுப்பறையில் தொடர்ந்து நடக்கும் கணிப்பீட்டுக்கு அது முதலிடம் கொடுத்தது. அந்தக் கணிப்பீட்டில் எழுத்துத் தாள் ஒரு பகுதி மட்டுமே. பிள்ளை எதுவரை வந்திருக்கிறது, எங்கே நிற்கிறது என்பதை ஆசிரியருக்குச் சொல்வதே அதன் வேலை. ஒரு தாளின் 20 வினாக்களும் கடினமானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டலையும் கழித்தலையும் திருத்தமாகச் செய்யத் தெரிந்து, சிக்கலான வினாவில் மட்டும் தடுமாறும் பிள்ளை 10 புள்ளி எடுக்கும். மூன்று இலக்க எண்ணை வாசிக்கவே தெரியாத பிள்ளையும் அதே 10 புள்ளியைத்தான் எடுக்கும். முதற் பிள்ளைக்கு அடுத்த தவணையில் தேவைப்படுவது ஒன்று, இரண்டாம் பிள்ளைக்குத் தேவைப்படுவது முற்றிலும் வேறு. தாளோ இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டது. எல்லாம் இலகுவாக இருந்தாலும் இதே குறைதான். அப்போது மேல் முனையில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் 95க்கு மேல் எடுத்து ஒன்றாகிவிடுவார்கள். மூன்று நிலை வினாக்களும் வேண்டும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இனி, கடினம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1983இல் வெளியான ரொம் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வில், பிள்ளைகளுக்கு 5 பறவைகளும் 4 புழுக்களும் உள்ள படம் காட்டப்பட்டது. புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது, முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 64 பேர் சரியாகச் சொன்னார்கள். ஒவ்வொரு பறவையும் ஒரு புழுவைப் பிடிக்கப் போனால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது அனைவரும் சரியாகச் சொன்னார்கள். அதற்குக் கீழே உள்ள பாலர் வகுப்பில் இடைவெளி இன்னும் பெரிது. முதல் வினாவுக்கு 100க்கு 25 பேரும், இரண்டாவதற்கு 96 பேரும் சரியான விடை சொன்னார்கள். படமும் எண்களும் விடையும் ஒன்றாகவே இருந்தன. கேட்ட விதம் மட்டுமே மாறியது. எண்ணைத் தொடாமலே ஒரு வினாவை இலகுவிலிருந்து கடினத்துக்குத் தள்ளிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவுஸ்திரேலியாவில் ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கணிதத்தில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பிழைகளை அவர் படிப்படியாகப் பிரித்தார். வினாவை வாசித்தல், அதை விளங்கிக்கொள்ளல், எந்தச் செய்கை தேவை என்று முடிவெடுத்தல், அந்தச் செய்கையைச் செய்தல், விடையை எழுதுதல் என்று ஐந்து படிகள். பிழைகளில் கிட்டத்தட்டப் பாதி, பிள்ளை கணக்கைச் செய்யத் தொடங்கும் முன்பே, முதல் மூன்று படிகளில் நேர்ந்திருந்தன. இந்த மூன்றையும் நாம் ஒன்றாகக் கருதக் கூடாது. செய்கையைத் தெரிவுசெய்வது கணிதம், அதைக் கணிதத் தாளில் சோதிப்பது முறை. வாசிப்பது மொழி. மூன்றாம் தரத்தில் வாசிப்பு இன்னும் முதிராத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களிடம் நாலு வரிக் கதைக் கணக்கைக் கொடுத்துவிட்டு, விடை பிழைத்ததும் கழித்தல் தெரியாது என்று பதிவுசெய்தால், அந்தப் பதிவு பிழையானது. அடுத்த தவணையில் அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கும் மருந்தும் பிழையானதாகவே இருக்கும்.

ஆகவே நிலைகளை வரையறுக்கும்போது பிள்ளையின் மனம் எடுக்க வேண்டிய படிகளை வைத்தே வரையறுப்போம். இலகுவான வினா என்பது வகுப்பில் பலமுறை பழகிய வடிவில், ஒரே படியில் முடிவது. நடுத்தர வினாவில் பிள்ளை ஒரு முடிவாவது எடுக்க வேண்டும். எந்தச் செய்கை என்று தெரிவுசெய்வதோ, பத்தில் ஒன்றைக் கடன் எடுப்பதோ அந்த முடிவாக இருக்கலாம். சவாலான வினா, படித்த அதே கணிதத்தைப் பழகாத திசையில் பயன்படுத்தச் சொல்வது. படிக்காத பாடத்திலிருந்து கேட்பது சவால் ஆகாது, அது அநீதி.

கழித்தல் என்ற ஒரே தேர்ச்சியை எடுத்து மூன்று நிலைகளிலும் வினா அமைத்துப் பார்ப்போம். 358 − 125 என்று நிலைக்குத்தாக எழுதிக் கொடுத்தால் அது இலகு. கடன் எடுக்க வேண்டியதில்லை, விடை 233. அடுத்தது: “கூடையில் 342 மீன்கள் இருந்தன. 128 மீன்கள் விற்கப்பட்டன. மீதி எத்தனை?” செய்கையைப் பிள்ளையே தெரிவுசெய்ய வேண்டும், பத்துகளிலிருந்து கடனும் எடுக்க வேண்டும். விடை 214, நிலை நடுத்தரம். இனிச் சவாலானது: “கூடையில் சில மீன்கள் இருந்தன. 128 மீன்கள் விற்கப்பட்டன. மீதி 214 மீன்கள். முதலில் எத்தனை இருந்தன?” எண்கள் அதேதான், வசனங்களும் ஏறத்தாழ அதே நீளந்தான். செய்ய வேண்டிய கணக்கோ 128 + 214, அது முந்தியதைவிட இலகுவான கூட்டல். ஆனால் விற்றது என்றதும் கழிக்கப் பழகிய பிள்ளை இங்கே நின்று யோசிக்க வேண்டும். யோசிக்காத பிள்ளை 214இலிருந்து 128ஐக் கழித்து 86 என்று எழுதும். அந்த 86ஐக் கண்டதும், கழிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கதையின் போக்கு பிடிபடவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

நடுத்தர வினாவில் 127ஐ விட்டு 128ஐ எடுத்ததற்கும் காரணம் உண்டு. பிள்ளைகளின் கழித்தல் பிழைகள் பெரும்பாலும் கண்டபடி நேர்வதில்லை, அவற்றுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை ஜோன் சீலி பிறவுன், ரிச்சர்ட் பேர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் விரிவாகக் காட்டினார்கள். அடிக்கடி காண்கின்ற இரண்டு பிழைகளை மட்டும் எடுப்போம். ஒரு பிள்ளை எந்த எண் மேலே என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும். இன்னொரு பிள்ளை கடன் எடுக்கும், ஆனால் கடன் கொடுத்த பத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடும். 342 − 127 என்று கேட்டால் முதற் பிள்ளை 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதும், இரண்டாம் பிள்ளை 12இலிருந்து 7ஐக் கழித்து அதே 5ஐ எழுதும். இருவர் விடையும் 225 ஆகிவிடும், எந்தப் பிழை என்று பிரிக்க வழியில்லை. 342 − 128 என்று கேட்டால் முதற் பிள்ளை 226 என்றும் இரண்டாம் பிள்ளை 224 என்றும் எழுதும். ஒருவருக்கு இடப்பெறுமானத்தை மறுபடி கற்பிக்க வேண்டும், மற்றவருக்குக் கடனைக் குறித்துவைக்கும் பழக்கத்தைக் கொடுத்தாலே போதும். ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கிடையே வித்தியாசம் 5 ஆக அமைவதைத் தவிர்த்ததால் இத்தனை தெளிவு கிடைக்கிறது. வினா எழுதியதும் பிழையான விடைகளையும் நீங்களே ஒருமுறை கணித்துப் பாருங்கள். இரண்டு பிழைகள் ஒரே விடையைத் தந்தால் எண்ணை மாற்றிவிடுங்கள்.

இப்போது முழுத் தாளுக்கு வருவோம். 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, மொத்தம் 100. இலகு 8, நடுத்தரம் 8, சவால் 4. ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கத்தில் பாடப் பகுதிகளையும் மேலே மூன்று நிலைகளையும் எழுதுங்கள். எண்களுக்கு 4 வினாக்கள் (இலகு 2, நடுத்தரம் 1, சவால் 1). கூட்டல் கழித்தலுக்கு 6 (2, 3, 1). பெருக்கல் வகுத்தலுக்கு 4 (1, 2, 1). நீளம், காசு, நேரம் ஆகிய அளவைகளுக்கு 4 (2, 1, 1). வடிவங்களுக்கும் தரவுக்கும் 2 (1, 1, 0). உங்கள் வகுப்பில் அந்தத் தவணையில் எதற்கு அதிக நாள் செலவானதோ அதற்கேற்ப இந்த எண்களை மாற்றலாம். மாற்றக் கூடாதது ஒன்று: ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இலகு வினாவாவது இருக்க வேண்டும். இலகு வினாக்கள் எல்லாம் கூட்டலிலும், சவால் வினாக்கள் எல்லாம் நேரத்திலும் குவிந்தால், நேரம் பார்க்கத் தெரிந்த பிள்ளையும் தெரியாததாகவே தோன்றும். நாம் அளந்தது எமது கட்டத்தின் கோணலைத்தான்.

வினாக்களின் வரிசையும் நேரமும் இந்தக் கட்டத்தோடு சேர்ந்தவை. இலகுவுக்கு ஒரு நிமிடம், நடுத்தரத்துக்கு இரண்டு, சவாலுக்கு நான்கு என்று கணித்தால் 8 + 16 + 16 = 40 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரம் கொடுத்தால் வாசிக்கவும் திருப்பிப் பார்க்கவும் 20 நிமிடம் எஞ்சும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எச்சம் தேவை. முதல் மூன்று வினாக்களும் இலகுவாக இருக்கட்டும். சவால் வினாக்கள் நான்கையும் கடைசிப் பக்கத்தில் அடுக்காதீர்கள். அப்படி அடுக்கினால், மெதுவாக எழுதும் பிள்ளை அங்கே போய்ச் சேராது, சேராததையும் தெரியாததையும் நீங்கள் பிரிக்கவும் முடியாது. ஒவ்வொரு சவால் வினாவுக்கும் பின்னால் ஓர் இலகு வினாவையோ நடுத்தர வினாவையோ வையுங்கள். சவால் வினாவின் 5 புள்ளியைப் பிரித்துக் கொடுங்கள்: சரியான செய்கையைத் தெரிவுசெய்ததற்கு 2, செய்த முறைக்கு 2, விடைக்கு 1. தாளைத் தொடங்கும்போது வசன வினாக்களை எல்லோருக்கும் இருமுறை உரத்து வாசித்துவிடுங்கள். கணிதத் தாளில் அது எவருக்கும் காட்டும் சலுகையாகாது, எல்லோரையும் ஒரே தொடக்கக் கோட்டில் நிறுத்தும் ஏற்பாடு.

சூழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிப்புப் பிள்ளைக்கு வலையும் படகும் மீன்கூடையும் நன்கு தெரியும். அருவியாற்றின் மேற்பகுதி வயற்காட்டுப் பிள்ளைக்கு நெல்மூட்டை அதைவிட நன்கு தெரியும். கோட்டத்துக்கோ மன்னார் வலயத்துக்கோ பொதுவாகத் தாள் தயாரிக்கும்போது, இரு பக்கத்துப் பிள்ளைகளும் கையால் தொட்ட பொருளைத் தேடுங்கள். தேங்காய், கொப்பி, பேருந்துக் கட்டணம், மிட்டாய் போன்றவை எல்லோருக்கும் பொது. முத்துக்குளிப்பும் அல்லிராணிக் கோட்டையும் எமது ஊரின் பெருமைகள்தான். ஆனால் முத்துச்சிப்பியை எண்ணிப் பார்த்திராத பிள்ளையிடம் சிப்பிக் கணக்குக் கேட்டால், அதன் கவனத்தில் ஒரு பங்கு சிப்பியை நினைத்துப் பார்ப்பதிலேயே போய்விடும். அந்தப் பெருமையைச் சுற்றாடல் பாடத்தில் கற்பிப்போம்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்று மறுப்புகள் நியாயமானவை. முதலாவது பெற்றோரிடமிருந்து வருகிறது. இன்னும் இரண்டு ஆண்டில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கிறது, இப்போதே கடினமான வினாக்களைக் கொடுத்துப் பழக்க வேண்டாமா என்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை பல்லாயிரம் பிள்ளைகளிலிருந்து சிலரைத் தெரிந்தெடுப்பது. அங்கே எல்லோரும் சரியாகச் செய்யும் வினாவால் பயன் இல்லை. தவணைத் தாள் யாரையும் தெரிந்தெடுப்பதில்லை. இங்கே எல்லோரும் சரியாகச் செய்த வினா, அந்தப் பாடம் வகுப்பு முழுவதற்கும் போய்ச் சேர்ந்ததென்ற நற்செய்தி. 40 புள்ளிக்கு இலகு வினாக்கள் கொடுப்பது பிள்ளையைச் சோம்பலாக்காது. அந்த 40இல் 15ஐ இழந்த பிள்ளை எதுவென்று மூன்றாம் தரத்திலேயே தெரிந்தால், ஐந்தாம் தரத்துக்கு முன் அதைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் இருக்கும். புலமைப்பரிசிலுக்கும் அதைவிட நல்ல ஆயத்தம் இல்லை.

இரண்டாவது மறுப்பு நேர்மாறானது: எட்டு வயதில் சவால் வினா எதற்கு, பிள்ளை மனம் உடைந்துவிடாதா? தாளின் தொடக்கத்திலேயே அதைச் சந்தித்தால் உடையலாம். பாதி முயற்சிக்குப் புள்ளி கிடையாது என்றாலும் உடையலாம். வரிசையாலும் புள்ளிப் பிரிப்பாலும் இரண்டையும் தடுக்கலாம் என்பதை மேலே சொன்னேன். சவாலை அடியோடு நீக்கினால் இழப்பு வேறிடத்தில் நேரும். செய்முறையை மனனம் செய்த பிள்ளையையும் விளங்கிச் செய்யும் பிள்ளையையும் பிரித்தறிய ஆசிரியருக்கு வழி இல்லாமல் போகும். இருவரும் 342 − 128ஐச் சரியாகச் செய்வார்கள், மீன்கூடையின் மூன்றாம் வினாவில்தான் அவர்கள் வேறுபடுவார்கள்.

மூன்றாவது மறுப்பு உங்களுடையது: இதற்கெல்லாம் நேரம் ஏது, வகுப்பில் 20 பிள்ளைகளே இருக்கும்போது புள்ளிவிவரம் எதற்கு? உண்மைதான், 20 பேரை வைத்து நுணுக்கமான கணிப்புகள் செய்ய முடியாது. ஆனால் எண்ணிப் பார்க்க முடியும். திருத்தி முடித்ததும் ஒவ்வொரு வினாவையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று கட்டத்தில் குறியுங்கள். இலகு என்று பெயரிட்டதை 16 பேராவது, நடுத்தரத்தை 10 முதல் 14 பேர், சவாலை 4 முதல் 8 பேர் செய்திருந்தால் உங்கள் கணிப்புப் பலித்தது. இவை இறுக்கமான எல்லைகள் அல்ல, எங்கே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று காட்டும் குறிகள். இலகு என்று வைத்த ஒரு வினாவை 8 பேரே செய்திருந்தால் பிழையான விடைகளை அடுக்கிப் பாருங்கள். பலரும் ஒரே பிழையான விடையை எழுதியிருந்தால் கற்பித்தலில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை மறுபடி கற்பிக்க வேண்டும். விடைகள் கண்டபடி சிதறியோ வெறுமையாகவோ இருந்தால் வினாவின் வசனத்தைச் சந்தேகியுங்கள். மொத்தப் புள்ளியில் முன்னணியில் உள்ள 5 பேர் தவறவிட்டு, கடைசி 5 பேர் சரியாகச் செய்த வினா ஏதும் இருந்தால், அந்த வினாவிலோ விடைத்திட்டத்திலோ பெரும்பாலும் கோளாறு இருக்கும். இதற்கு ஓர் அரை மணி நேரமே தேவை. வினா எழுதும் சுமையைக் குறைக்கவும் வழி உண்டு. தவணை முடிவில் 20 வினாக்களை ஒரே இரவில் எழுதாமல், ஒரு பாடம் முடிந்த வாரத்தில் அதற்கான இரண்டு வினாக்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால், தவணை முடிவதற்குள் தாள் தானாகவே சேர்ந்துவிடும்.

இறுதியாக ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். எவ்வளவு சமநிலையான எழுத்துத் தாளும் எட்டு வயதுப் பிள்ளையின் முழு அறிவையும் காட்டாது. கடையில் மீதிக் காசைச் சரியாக எண்ணி வாங்கும் பிள்ளை அதே கழித்தலைத் தாளில் பிழைவிடலாம். ஆகவே 40க்குக் கீழே எடுத்த ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே அமர்ந்து, இலகு வினாக்களில் இரண்டையாவது வாய்மூலம் கேளுங்கள். வாயால் சொல்லித் தாளில் தவறிய பிள்ளைக்கு வேண்டியது வாசிப்பு உதவி. இரண்டிலும் தவறிய பிள்ளைக்கு வேண்டியது கணித உதவி. இந்த வேறுபாட்டைப் புள்ளிப் பட்டியல் ஒருபோதும் சொல்லாது.

எனது வேண்டுகோள் இதுதான். வருகிற தவணைத் தாளைத் தயாரிக்கும் முன் அந்தக் கட்டத்தை வரையுங்கள். சவால் என்று பெயரிட்ட ஒவ்வொரு வினாவையும் எடுத்து, இதன் கடினம் கணிதத்தில் இருக்கிறதா, வசனத்தில் இருக்கிறதா, எண்ணின் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். கணிதத்தில் இல்லாவிட்டால் திருத்துங்கள். திருத்தி முடிந்தபின் வினாவாரியாக எண்ணிய அந்த ஒற்றைத் தாளை அயற்பாடசாலை ஆசிரியரோடு மாற்றிக்கொள்ளுங்கள். அரிப்பில் இலகுவாக இருந்த வினா கொண்டச்சியில் கடினமாக இருந்தால், ஏன் என்று சேர்ந்து பேசுங்கள். முசலியின் தரம் 3 ஆசிரியர்கள் இதை ஓராண்டு செய்தால், இந்த மண்ணின் பிள்ளைகளைக் கொண்டே சோதித்துப் பார்த்த வினாத் தொகுப்பு ஒன்று உங்கள் கையில் இருக்கும். கடையில் வாங்கும் மாதிரி வினாத்தாள் எதுவும் அதற்கு ஈடாகாது.